முதலாளி பேச்சில் சொன்னதை மெயிலாக எழுதினேன், பார்ட்டி போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார். என் கடிதத்தில் எங்கே தப்பு?

தாமரை_திருப்பூர்

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பில் போடுவது, லாரி ரசீதான எல்.ஆர். காப்பி அனுப்புவது, வெளியூர் பார்ட்டிகளுக்கு மெயில் எழுதுவது எல்லாம் நான்தான். முதலாளி வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்புவார், அதை நான் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும். "கம்பெனி லெட்டர் மாதிரி இருக்கணும், நாம பேசற மாதிரி இருக்கக் கூடாது" என்பது அவருடைய ஒரே கண்டிஷன்.

போன வாரம் அவர் அனுப்பிய வாய்ஸ் இது, அப்படியே தருகிறேன்:

"அண்ணே, சாயப்பட்டறையில ஷேடு மாறிப்போச்சு. நேவி 40 டஜன் மட்டும் திருப்பி சாயம் போடக் குடுத்திருக்கோம். மத்ததெல்லாம் ரெடி, புதன்கிழமை லாரில போட்டுடறோம். நேவி அடுத்த வாரம்தான் வரும். கோச்சுக்காதீங்க."

நான் ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதையான சொல் எது என்று யோசித்து யோசித்து எழுதியது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, சாயமிடும் கூடத்தில் நிறச்சாயல் மாற்றமடைந்து சென்றுவிட்டமையால் கருநீலம் 40 டஜன் மட்டும் மீண்டும் இடுவதற்கு வழங்கப்பட்டுள்ளது. ஏனையவை அனைத்தும் ஆயத்த நிலையில் உள்ளன. புதன்கிழமையன்று சரக்குந்தில் இடப்படும். கருநீலம் அடுத்த வாரம் மட்டுமே வருகை தரும். தாங்கள் சினம் கொள்ளாதிருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

மதுரையில் இருந்து கடைக்காரர் போன் போட்டு, "என் சரக்கு 40 டஜனை யாருக்குத் தூக்கிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். முதலாளி பேசிச் சமாதானம் செய்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சொல்லில்கூட எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழையும் இல்லை என்று நினைக்கிறேன். அப்புறம் ஏன் இப்படி ஆகிறது?

வாசு_கணக்கர்

ஒரே காரணம்தான், செயப்பாட்டு வினை. "வழங்கப்பட்டுள்ளது", "இடப்படும்", "கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்". இந்தப் "படு" எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு "வழங்கினோம்", "இடுவோம்" என்று எழுதுங்கள், சரியாகிவிடும். என்னைக் கேட்டால் முதலாளி பேசியதை அப்படியே டைப் அடித்து அனுப்பியிருக்கலாம், அதில் எல்லாமே புரிகிறது.

மெய்ப்பு_மேசை

வாசு சொல்வதில் பாதி சரி. அவர் சொன்னபடியே செய்து பாருங்கள்: "கருநீலம் 40 டஜன் மட்டும் மீண்டும் இடுவதற்கு வழங்கினோம்". இப்போதும் கடைக்காரர் அதே போனைத்தான் போடுவார். குழப்பம் "படு"வில் இல்லை, "வழங்கு" என்ற சொல்லில் இருக்கிறது.

இருபது வருடத்துக்கு மேல் பத்திரிகை மேசையில் மெய்ப்பும் திருத்தமும் பார்த்தவன், அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"கொடு"வுக்கு மரியாதைச் சொல் "வழங்கு" என்று மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். ஆனால் "கொடு" பேச்சில் நூறு வேலை செய்கிற சொல். தையலுக்குக் கொடுக்கிறோம், வாடகைக்குக் கொடுக்கிறோம், குரல் கொடுக்கிறோம், பதில் கொடுக்கிறோம். "வழங்கு" அதில் பெரும்பாலும் ஒரு வேலைக்குத்தான் ஆகும்: ஒருவருக்கு ஒன்றை அவருக்கே சொந்தமாகத் தருவது. பரிசு வழங்கலாம், இழப்பீடு வழங்கலாம். சாயத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கப்போகிற துணியை "வழங்கினோம்" என்றால் அது கைமாறிப் போய்விட்டது என்றுதான் பொருள். கடைக்காரர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

"போடு"வும் அப்படித்தான். சாயம் போடுகிறோம், லாரியில் போடுகிறோம், பில் போடுகிறோம், லீவு போடுகிறோம், போன் போடுகிறோம். ஒவ்வொன்றிலும் அது வேறு வினை. நீங்கள் எல்லாவற்றுக்கும் "இடு" வைத்தீர்கள். விடுப்பை இட மாட்டோம், எடுப்போம். சரக்கை லாரியில் இட மாட்டோம், ஏற்றுவோம், அனுப்புவோம். அதோடு மூலத்தில் "சாயம் போட" என்று இருந்ததில் "சாயம்" உங்கள் கடிதத்தில் காணாமலே போய்விட்டது. "மீண்டும் இடுவதற்கு" என்றால் எதை, எங்கே? மரியாதைச் சொல்லைத் தேடும் அவசரத்தில் செய்தி விழுந்துவிட்டது.

"வருகை தரும்" அடுத்தது. அமைச்சர் வருகை தருவார், துணைவேந்தர் வருகை தருவார். துணி வரும், அவ்வளவுதான். எழுத்துத் தமிழிலும் "வரும்" என்பது முழு மரியாதையான சொல்.

எனக்கு ரொம்ப உறுத்தியது "அடுத்த வாரம் மட்டுமே". முதலாளி சொன்னது "அடுத்த வாரம்தான் வரும்". பேச்சில் இந்தத் "தான்" சொல்வது, அதற்கு முன்னால் வராது என்பதை. "அடுத்த வாரம் மட்டுமே வரும்" என்றால் அடுத்த வாரம் விட்டால் பிறகு கிடைக்காது என்று ஆகிவிடுகிறது. கடைக்காரர் மனசில் வேறொரு கணக்கு ஓடியிருக்கும். "தான்" பேச்சுவழக்கு என்று நினைத்து எடுத்திருக்கிறீர்கள், அது நல்ல எழுத்துத் தமிழ்தான், கூச்சமில்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக "கோச்சுக்காதீங்க". அது மன்னிப்புக் கேட்கிற பேச்சு. வாங்குகிறவர் கோபக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. அதை "சினம் கொள்ளாதிருக்குமாறு" என்று சொல்லுக்குச் சொல் மாற்றும்போது மன்னிப்பு போய்விட்டது, அவருக்கு நாம் புத்தி சொல்வதுபோல ஆகிவிட்டது. அங்கே என்ன காரியம் நடக்கிறது என்று பார்த்து அந்தக் காரியத்துக்கு எழுத்தில் என்ன வழக்கம் உண்டோ அதை எழுத வேண்டும்: "தாமதத்துக்கு வருந்துகிறோம்".

மொத்த ஆர்டர் எத்தனை டஜன், புதன் என்ன தேதி என்று சொல்லுங்கள், எழுதிக் காட்டுகிறேன்.

தாமரை_திருப்பூர்

மொத்தம் 200 டஜன், நான்கு நிறம். நேவி தவிர 160 டஜன் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. புதன் 14ஆம் தேதி. "மட்டுமே" என்பதில் இப்படி ஒரு பொருள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரர் போனில் "அதுக்கப்புறம் சரக்கே கிடையாதா?" என்றும் கேட்டாராம், எதற்குக் கேட்டார் என்று முதலாளிக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.

குமரன்_73

தனித்தமிழில் எழுதினால் தப்பு என்கிறீர்களா? சரக்குந்து, கருநீலம் எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். லாரி, நேவி என்று எழுதுவதுதான் தொழில்முறை என்றால் நம் மொழிக்கு என்ன மதிப்பு? கலைச்சொல் உண்டாக்க நம் முன்னோர் எவ்வளவு பாடுபட்டார்கள்.

மெய்ப்பு_மேசை

குமரன், கேள்வி அது இல்லை. பேருந்து, குடிநீர் எல்லாம் தமிழ்ச் சொற்கள்தான், கடிதத்தில் உறுத்துவதே இல்லை. தாமரையின் கடிதத்தில் "லாரி"யை வைத்து மற்றதை அப்படியே விட்டாலும் அது கோணலாகத்தான் இருக்கும்: "புதன்கிழமையன்று லாரியில் இடப்படும்". "சரக்குந்து" வைத்து "புதன்கிழமை சரக்குந்தில் அனுப்புகிறோம்" என்று எழுதினால் சரளமாக இருக்கிறது. ஆக, கோளாறு சொல்லின் பிறப்பில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்வேன். அந்தக் கடைக்காரர் ஆர்டர் தாளில் "நேவி" என்று எழுதியிருந்தால் கடிதத்திலும் "நேவி" என்றே இருக்கட்டும். கருநீலம் என்றால் வேறு ஏதோ ஷேடு என்று நினைத்துவிடுவார், துணி வியாபாரத்தில் அது பணத்தில் போய் முடியும்.

சரி, கடிதம்:

"ஐயா, வணக்கம்.

உங்கள் 200 டஜன் ஆர்டரில் 160 டஜன் தயார். 14ஆம் தேதி புதன்கிழமை லாரியில் அனுப்புகிறோம், அன்று மாலையே எல்.ஆர். காப்பியும் வரும்.

மீதி 40 டஜன் நேவியை அடுத்த வாரம்தான் அனுப்ப முடியும். சாயம் போட்டு வந்த துணியின் நிறம் நாம் பேசி முடித்த மாதிரியோடு ஒத்துவரவில்லை. அப்படியே அனுப்ப மனமில்லாமல் மறுபடி சாயத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

தாமதத்துக்கு வருந்துகிறோம். 160 டஜனுக்கு இப்போதே பில் போடலாமா, முழு ஆர்டருக்கும் சேர்த்துப் போடலாமா என்று சொல்லுங்கள்."

முதலாளி பேசியதில் இருந்து எதை எங்கே நகர்த்தினேன் என்று பாருங்கள். அவர் நடந்த வரிசையில் சொன்னார்: முதலில் சாயப்பட்டறை, பிறகு நேவி, பிறகு மற்றது, கடைசியில் தேதி. பேச்சில் அது இயல்பு, குரலில் இருக்கும் பதற்றமே "ஏதோ பிரச்சினை, ஆனா சமாளிச்சிடலாம்" என்று சொல்லிவிடும். தாளில் குரல் இல்லை. கடைக்காரருக்கு முதலில் வேண்டியது எத்தனை டஜன் எப்போது கைக்கு வரும் என்பது. அது முதல் பத்திக்கு வந்துவிட்டது, காரணம் பின்னால் போய்விட்டது. தொழில்முறைத் தொனி என்று உங்கள் முதலாளி கேட்டது இந்த வரிசையில்தான் முக்கால்வாசி கிடைக்கிறது. சொற்களைப் பாருங்கள், "தயார்", "மீதி", "மறுபடி", "சொல்லுங்கள்" எல்லாம் நாம் பேசுகிற சொற்கள்.

"நாம் பேசி முடித்த மாதிரி" என்ற இடத்தில் "நாங்கள்" போடக் கூடாது. மாதிரியை ஒத்துக்கொண்டது இரண்டு பேரும். மற்ற இடங்களில் எல்லாம் "நாங்கள்"தான், ஏனென்றால் தாமதம் கம்பெனியுடையது. தமிழில் இருக்கிற இந்த வசதியை வியாபாரக் கடிதத்தில் ஏனோ பலரும் பயன்படுத்துவதில்லை.

வாசுவுக்கு ஒரு வார்த்தை: செயப்பாட்டு வினை தேவைப்படும் இடமும் உண்டு. "கடை மூடப்பட்டுள்ளது", "விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது". செய்தவர் யார் என்பது முக்கியமில்லாதபோது அது நன்றாக உட்காரும். "நாங்கள் செய்தோம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒளிந்துகொள்ள அதைப் பயன்படுத்தும்போதுதான் கசக்கிறது.

வாசு_கணக்கர்

சரி, அந்தப் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேசியதை அப்படியே அனுப்பினால் என்ன என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மெய்ப்பு_மேசை

அந்தக் கடைக்காரர் முதலாளியின் பழைய நண்பர் என்றால் அனுப்பலாம், வாய்ஸையே அனுப்பலாம். ஆனால் மெயிலை அவர் கடையின் கணக்குப்பிள்ளை படிப்பார், ஆறு மாதம் கழித்து யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். "மத்ததெல்லாம்" என்றால் எத்தனை என்று அன்று அவருக்குத் தெரியாது. எழுத்தில் 160 என்று இருக்க வேண்டும்.

பிரிவு_எழுத்தர்

நான் அரசு அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே பேசுவது எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் கோப்பில் "பொருள்", "பார்வை" போட்டு, "பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்களது கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது" என்று தொடங்காவிட்டால் மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததற்குப் பிறகு ஆங்கிலக் கோப்பு நடையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள், அந்த வாக்கியத்தின் எலும்புக்கூட்டையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். "கவனம் ஈர்க்கப்படுகிறது" என்று எந்தத் தமிழர் பேசினார்? ஆனாலும் அதை நான் மாற்ற முடியாது. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் பழைய கோப்பைப் பார்த்துத்தான் எழுதக் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் செய்வது இதுதான். தொடக்கமும் முடிவும் வழக்கப்படி வைத்துவிட்டு, நடுவில் இருக்கும் பத்தியை மட்டும் என் போக்கில் எழுதுகிறேன். "மேற்படி இனம் தொடர்பாக ஆய்வு மேற்கொள்ளப்பட்டதில் குறைபாடுகள் இருப்பது கண்டறியப்பட்டது" என்பதற்குப் பதில் "கட்டடத்தை 3ஆம் தேதி பார்வையிட்டேன். மேற்கூரையில் இரண்டு இடங்களில் விரிசல் இருக்கிறது" என்று எழுதினேன். அது மட்டும் திரும்பி வரவே இல்லை.

மெய்ப்பு_மேசை

இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. "ஆய்வு மேற்கொள்ளப்பட்டதில்" என்றால் யார், எப்போது, எதைப் பார்த்தார் என்று எதுவுமே இல்லை. வினையைப் பெயராக்கி, அதற்கு "மேற்கொள்" என்று ஒரு முட்டுக்கொடுத்து, அதையும் "படு"வில் முடித்தால் வாக்கியத்தில் ஆளே இருக்க மாட்டார். நீங்கள் "பார்வையிட்டேன்" என்று எழுதியதும் தேதி தானாக வந்து சேர்ந்தது, விரிசலுக்கு இடமும் வந்தது.

ஜெயந்தி_மா

நான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், நகராட்சிக்கு. எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. இரண்டு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். என் பையன் எழுதிக் கொடுத்தது: "எமது வீதியில் மின்விளக்குகள் ஒளிராமை நீடித்து வருவதால் பொதுமக்கள் பெரும் இன்னலுக்கு ஆளாகி வருகின்றனர் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவதுடன் உரிய நடவடிக்கை மேற்கொண்டு ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." இதைக் கொடுக்கலாமா?

பிரிவு_எழுத்தர்

அம்மா, இதை வாங்குகிறவர் முதலில் தேடுவது கம்பத்து எண். பெரும்பாலும் கம்பத்திலேயே பெயிண்டில் எழுதியிருப்பார்கள். மனுவில் அது இல்லை. எத்தனை விளக்கு என்று இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, தெரு பெயர்கூட இல்லை. "ஒளிராமை நீடித்து" என்பதை நான் இரண்டு தரம் படித்தேன்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் தெருவில் 7, 8, 9 எண் கம்பங்களில் விளக்கு 15 நாளாக எரியவில்லை. 2ஆம் தேதியும் 9ஆம் தேதியும் நேரில் வந்து சொன்னோம். இரவு வேலை முடிந்து பெண்கள் இந்த வழியாகத்தான் நடந்து வருகிறார்கள். இந்த மூன்று விளக்குகளையும் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம்." எண்ணும் தேதியும் நானாகப் போட்டது, உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள். தெரு பெயரும் வார்டு எண்ணும் மேலே "பொருள்" என்ற இடத்தில் வரட்டும்.

ஜெயந்தி_மா

பையன் பன்னிரண்டாம் வகுப்பு, "தாழ்மையுடன்" இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்கிறான்.

மெய்ப்பு_மேசை

போட்டுக்கொள்ளட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அவனிடம் ஒன்று சொல்லுங்கள். தமிழில் மரியாதை பெரும்பாலும் வினையின் வாலில் இருக்கிறது. "சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்ற முடிவிலேயே அது முழுதாக வந்துவிட்டது. வாலைச் சரியாக வைத்தால் உடம்பில் இருக்கும் சொற்கள் சாதாரணமாக இருக்கலாம். பெயர்ச்சொல்லை எல்லாம் கனமாக்கிவிட்டு வாலில் "அனுப்பு" என்று வைத்தால் அது அதட்டலாகத்தான் கேட்கும்.

தாமரை_திருப்பூர்

நேற்று நானே ஒன்று முயன்று பார்த்தேன். இன்னொரு பார்ட்டி மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. முதலாளியின் வாய்ஸ்: "எப்பவும் நாளைக்கு நாளைக்குன்னே சொல்றீங்க, இந்த மாசமாவது பாத்துக் குடுங்க." முன்பு என்றால் "எப்பொழுதும் நாளை நாளை எனவே கூறுகிறீர்கள், இம்மாதமாவது பார்த்து வழங்கவும்" என்று எழுதியிருப்பேன். இப்போது எழுதியது:

"உங்களிடம் இருந்து மூன்று பில்களுக்கான தொகை ரூ. 86,400 இன்னும் வரவில்லை. பில் எண்களும் தேதிகளும் கீழே இருக்கின்றன. இந்த மாதம் 25ஆம் தேதிக்குள் செலுத்திவிடுங்கள். ஒரே தடவையில் முடியாது என்றால் எந்தத் தேதியில் எவ்வளவு என்று தெரிவிக்கவும்."

மெய்ப்பு_மேசை

நன்றாக வந்திருக்கிறது. "நாளைக்கு நாளைக்கு" என்ற குறையை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பதில் தொகையும் கெடு தேதியும் வைத்தீர்களே, அதுதான் சரி. "பார்த்துக் கொடுங்கள்" என்பதில் இருக்கும் தயவும் கடைசி வாக்கியத்தில் வந்துவிட்டது.

ஒரே ஒரு உறுத்தல். "செலுத்திவிடுங்கள்" என்று ஒரு இடத்தில், "தெரிவிக்கவும்" என்று இன்னொரு இடத்தில். இரண்டு பேர் எழுதியதுபோல இருக்கிறது. முதல் கடிதத்தில் "தாங்கள்" என்று எழுதியிருந்தீர்கள், இதில் "உங்களிடம்" என்று இருக்கிறது, அது மாறியது நல்லது. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். என் காதுக்கு "-வும்" என்பது அறிவிப்புப் பலகைத் தொனி: "செருப்பை வெளியே விடவும்". ஆளைப் பார்த்துப் பேசும்போது "தெரிவியுங்கள்" அல்லது "சொல்லுங்கள்".

பிரிவு_எழுத்தர்

இதில் நான் உடன்பட மாட்டேன். "தெரிவிக்கவும்" கடிதத்தில் நன்றாகப் பழகிய முடிவு, யாரும் அதை அதட்டலாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் கேட்கிற கடிதத்தில் கொஞ்சம் விறைப்பு இருப்பதும் நல்லதுதானே? "சொல்லுங்கள்" என்றால் இன்னும் ஒரு மாதம் இழுப்பார்.

வாசு_கணக்கர்

பணம் வரவில்லை என்றால் எந்த வால் வைத்தாலும் வராது. ஆனால் "ஒரே தடவையில் முடியாது என்றால்" என்ற வாக்கியத்தை முதல் கடிதத்தில் வைத்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது, தவணைக்கு நாமே வழி காட்டியதுபோல ஆகிவிடுகிறது. அது மொழிப் பிரச்சினை இல்லைதான்.

தாமரை_திருப்பூர்

அந்த வாக்கியம் முதலாளி படித்துவிட்டுச் சேர்க்கச் சொன்னது, அவருக்கு அந்தப் பார்ட்டியை விட்டுவிட மனசில்லை. "தெரிவிக்கவும்" விஷயத்தில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள். மதுரைக் கடைக்காரருக்கு "சொல்லுங்கள்", இவருக்கு "தெரிவிக்கவும்" என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். நேவி 40 டஜன் இன்று காலை சாயத்தில் இருந்து வந்துவிட்டது, மாதிரியோடு வைத்துப் பார்த்தோம், நிறம் ஒத்துப்போகிறது. அதற்கான மெயிலை எழுதப்போகிறேன், இரண்டு வரிக்கு மேல் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.